புதுசா வந்தவங்களுக்கு இருபது நிமிஷம்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்குழு பெரும்பாலும் மே, ஜூன், ஜூலை மாதங்களில் கூடும். மார்ச்சில் கணக்கு முடிந்து, ஆடிட்டர் கையெழுத்துப் போட்டு வர அவ்வளவு நாள் ஆகிவிடும். பள்ளிக்கூடம் திறப்பதை ஒட்டி வீடு மாறுகிறவர்கள் வந்து சேர்வதும் அதே சமயத்தில்தான். அதனால் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ‘புதிய குடியிருப்பாளர்களை வரவேற்றல்’ என்று ஒரு வரி இருக்கும். செயலாளர் வீட்டு எண்களைப் படிப்பார், எழுந்து நிற்கச் சொல்வார், கைதட்டுவார்கள், காபி வரும். “நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி” என்று யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள். அடுத்த வாரமே அந்தக் குடும்பத்தின் புது உறுப்பினர் இரவு பதினோரு மணிக்குச் செயலாளரைக் கூப்பிட்டு, குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்பார்.

சில இடங்களில் இந்த வரியைச் செயலாளருக்கு விடாமல், அங்கே நெடுநாள் இருப்பவர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அதில் காரணம் உண்டு. நிர்வாகக் குழு ஓரிரு ஆண்டுகளில் மாறிவிடும். கட்டிய பில்டரிடம் வரைபடம் இருக்காது, இருந்தாலும் கொடுக்க மாட்டார். எந்த வால்வு எந்த வரிசை வீடுகளுக்குப் போகிறது, கழிவுநீர்க் குழாய் எந்தக் கார் நிற்கும் இடத்துக்கு அடியில் போகிறது, போர் எந்த மாதம் கைவிடும் என்பதெல்லாம் அங்கேயே இருந்தவர்களின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. வரவேற்புரை என்ற பெயரில் அதைக் கைமாற்றிவிட்டால், அந்த இருபது நிமிடம் பிறகு பல சண்டைகளை மிச்சப்படுத்தும்.

அப்படி ஒரு பேச்சில் என்னதான் இருக்க வேண்டும்? சென்னைக் குடியிருப்புகளில் பொதுவாக நடப்பதை எல்லாம் ஒரே கட்டடத்தில் சேர்த்து வைத்துப் பார்ப்போம். வேளச்சேரியில், 2001இல் கட்டிய இரண்டு பிளாக். தரைத்தளம் முழுவதும் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடம், மேலே மூன்று மாடி, மொத்தம் 36 வீடுகள். பேசுகிறவர் கட்டிய நாளிலிருந்து அங்கேயே குடியிருக்கும், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. வாட்ச்மேன் முதல் தலைவர் வரை எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வாடகை மைக் வைத்து நடக்கும் கூட்டம்.

“எல்லாருக்கும் வணக்கம். புதுசா வந்த ஏழு வீட்டுக்காரங்களும் முன்னாடி வந்து உட்காருங்க. நான் பேசப்போறது உங்களுக்குத்தான், மத்தவங்க ஏற்கெனவே கேட்டுக் கேட்டுச் சலிச்சிருப்பாங்க” என்று தொடங்குகிறார் டீச்சர்.

முதலில் அவர் சொல்வது, வாங்கியிருப்பது என்ன என்பதை. “நீங்க ஆயிரம் சதுர அடி வீடு வாங்கினதா நெனச்சுக்கிட்டிருக்கீங்க. பத்திரத்தை எடுத்துப் பாருங்க, அதுல யு.டி.எஸ்.னு ஒரு கணக்கு இருக்கும். இந்த மனை பத்து கிரவுண்டு, அதாவது 24,000 சதுர அடி. 36 வீடும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆளுக்கு 667 சதுர அடி நிலம். அது எங்கே இருக்குன்னு யாரும் கோடு போட்டுக் காட்ட முடியாது. கிணத்துலயும் இருக்கு, மாடிப்படியிலயும் இருக்கு, நான் நிக்கிற இந்த இடத்துலயும் இருக்கு.”

பிரிக்கப்படாத பங்கு என்று பத்திரத்தில் எழுதுவதைத்தான் அவர் சொல்கிறார். வீட்டை விற்றால் இந்தப் பங்கும் சேர்ந்தே போகும். அதை மட்டும் பிரித்து விற்கவோ, மொட்டை மாடியில் ‘என் பங்கு’ என்று வேலி போடவோ முடியாது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்கிறது. கட்டடம் பழசாகப் பழசாக, பக்கத்து வீட்டுக்காரரின் முடிவு நம் சொத்தைத் தொடும் என்பது அதன் பொருள். இதைப் புதியவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு வரும் எல்லாக் கணக்குக்கும் இதுதான் அடிப்படை.

டீச்சர் இதில் அதிக நேரம் நிற்பதில்லை. அவருடைய பேச்சில் முக்கால் பங்கு தண்ணீர்தான். வேளச்சேரியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர் வேறு எதைப் பேசுவார்? கோடையில் தண்ணீர் இருக்காது, ஐப்பசி கார்த்திகையில் இடுப்பளவு நிற்கும்.

“ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு அரசாங்கக் கணக்கு. வீட்டுக்கு நாலு பேர்னு வையுங்க. 36 வீட்டுக்குச் சுமார் 19,500 லிட்டர். மெட்ரோ வாட்டர் வர்றது, போர்ல ஏறுறது ரெண்டும் சேர்ந்து சாதாரண நாள்ல இதுக்குச் சரியாப் போயிடும். ஏப்ரல் பாதியில போர் இறங்கிடும். அப்ப தினமும் ஆறாயிரம் லிட்டர் துண்டு விழும். ரெண்டு நாளைக்கு ஒரு பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி. மாசத்துக்குப் பதினஞ்சு. லாரி 1,800 ரூபாய்னு வச்சுக்கிட்டா 27,000 ரூபாய், வீட்டுக்கு 750. மே மாசம் மெயின்டனன்ஸ் ஏன் கூடுதுன்னு யாரும் செயலாளரைக் கேட்காதீங்க. கூட்டிக் கழிச்சு நீங்களே பாத்துக்கலாம்.”

லாரி விலை நிலையானதல்ல. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டிவந்தபோது பணம் வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கும் லாரி கிடைக்கவில்லை. அந்த ஆண்டில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்தோ கோவையிலிருந்தோ அதற்குப் பிறகு வந்தவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

துண்டு விழும் தண்ணீரில் எவ்வளவு உண்மையில் உபயோகம், எவ்வளவு வீணாகிறது என்று கண்டுபிடித்த கதையை டீச்சர் அடுத்துச் சொல்கிறார். புதியவர்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் இதுதான்.

ஒரு கோடையில் ‘பி’ பிளாக்கில் மட்டும் மேல்தொட்டி சீக்கிரம் காலியானது. ஆளாளுக்கு ஒரு வீட்டைக் குறை சொன்னார்கள். ஒருவர் வாஷிங் மெஷினைக் காட்டினார், இன்னொருவர் வந்து தங்கியிருந்த உறவினர்களைக் காட்டினார். டீச்சர் ஒரு நீளக் குச்சியும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். தொட்டி உள்ளளவில் மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். ஆறு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 60 லிட்டர் போயிருக்கிறது. இரவு ஒரு மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டுக் குச்சியை விட்டு நனைந்த இடத்தில் கோடு போட்டார்கள். நான்கு மணிக்கு மறுபடி விட்டார்கள். பதினைந்து சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. ஊரே தூங்கும் மூன்று மணி நேரத்தில் 900 லிட்டர். ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். துண்டு விழும் ஆறாயிரத்தைவிட அதிகம்.

இரவில் யாரோ எழுந்து கை கழுவினாலும் சில லிட்டர் போகும்தான். ஆனால் 900 லிட்டர் போகாது. இது கசிவு. எங்கே என்று பார்க்க அடுத்த இரவு வேறு வேலை செய்தார்கள். தொட்டியிலிருந்து ஆறு குழாய்கள் கீழே இறங்குகின்றன, ஒவ்வொன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் மூன்று வீடுகளுக்கு. ஒவ்வொரு குழாயின் தலையிலும் ஒரு கேட் வால்வு. ஐந்தை மூடி ஒன்றை மட்டும் திறந்து, அரை மணிக்கு ஒருமுறை கோட்டைப் பார்த்தார்கள். நான்காவது குழாயில் பிடிபட்டது. அதில் நடு வீடு பூட்டியிருந்தது, சொந்தக்காரர் மகளைப் பார்க்க வெளிநாடு போயிருந்தார். கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் மிதவை மாட்டிக்கொண்டு, வால்வு மூடாமல், வந்த தண்ணீர் உள்ளேயே வழிந்து கோப்பை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டு ஈரம் தெரியவில்லை, சத்தமும் கேட்கவில்லை.

“அதனாலதான் ரெண்டு வேண்டுகோள்” என்கிறார் டீச்சர். “ரெண்டு நாளைக்கு மேல ஊருக்குப் போனா உங்க வீட்டு வால்வை மூடிட்டுப் போங்க. அது பாத்ரூம் ஜன்னலுக்கு வெளிய ஷாஃப்ட்ல இருக்கு. எதுன்னு தெரியலைன்னா பிளம்பர் வரும்போது காட்டச் சொல்லி, பெயின்ட்ல வீட்டு நம்பர் எழுதி வச்சுடுங்க. இன்னொண்ணு, ஃப்ளஷ் டேங்க்ல கொஞ்சம் மஞ்சள் தூளோ காபி டிகாக்‌ஷனோ ஊத்திட்டுக் கால் மணி நேரம் யாரும் போகாம விடுங்க. கோப்பையில கலர் வந்தா உங்க வீட்டுல ஒழுகுது. ஐம்பது நூறு ரூபாய் வாஷரோட முடிஞ்சிடும்.”

மழைநீரைப் பற்றி அவர் சொல்வது ஒரே ஒரு கணக்கு. இரண்டு பிளாக்கின் மொட்டை மாடியும் சேர்ந்து 12,000 சதுர அடி, அதாவது சுமார் 1,115 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். எனவே டி.வி.யில் ‘வேளச்சேரியில் ஒரு சென்டிமீட்டர் மழை’ என்று சொன்னால், மாடியில் சுமார் 11,000 லிட்டர் விழுந்திருக்கிறது, ஏறக்குறைய ஒரு லாரி. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எல்லா இடத்திலும் குழாயும் இருக்கிறது, தொட்டியும் இருக்கிறது. வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. வடிகட்டும் தொட்டியில் ஜல்லிக்கு மேல் சேறு படிந்து இறுகிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து தெருவுக்குப் போய்விடும். பக்கெட் தண்ணீரை அதில் ஊற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். உடனே உள்ளே போக வேண்டும், தேங்கி நின்றால் ஜல்லியை அள்ளிக் கழுவிப் போட வேண்டும். இந்த வேலையைச் செப்டம்பரில் முடிக்க வேண்டும், மாடியையும் அதற்குள் பெருக்கிவிட வேண்டும். மாடியில் செடி வளர்ப்பவர்கள் மண் சாக்கைத் தண்ணீர் வடியும் வாயில் வைக்கக் கூடாது.

பிறகு வெள்ளம். 2015 டிசம்பரில் வேளச்சேரி எப்படி இருந்தது என்று படம் பார்த்திருப்பார்கள். பார்த்தவர்களுக்கும் தங்கள் கட்டடத்துக்குள் என்ன நடக்கும் என்பது தெரியாது. கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் ஏறும்போது முதலில் போவது சம்ப். தரைமட்டத்தில் மூடி வைத்த நிலத்தடித் தொட்டிக்குள் தெருவின் சாக்கடையோடு கலந்த வெள்ளம் இறங்கிவிடும். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் இல்லை என்ற நிலை அப்படித்தான் வருகிறது. அடுத்துப் போவது சுவரில் தாழ்வாக இருக்கும் மோட்டார் ஸ்விட்ச் போர்டு. அதற்கடுத்து லிஃப்டின் அடிக்குழி.

“அதுக்கப்புறம் சம்ப் வாயைச் சுத்தி ரெண்டடிக்குச் சுவர் எழுப்பினோம். போர்டை அஞ்சடிக்கு மேல தூக்கினோம். 2023ல மிக்ஜாம் புயல் வந்தப்ப சம்ப் தப்பிச்சுது, அவ்வளவுதான். மத்தபடி தண்ணி வந்துது. இனிமேலும் வரும்” என்று டீச்சர் மறைக்காமல் சொல்கிறார். ரெட் அலெர்ட் வந்தால் வாட்ச்மேனும் குழுவும் செய்வது வரிசையாக நான்கு வேலை. மேல்தொட்டி இரண்டையும் விளிம்பு வரை ஏற்றிவிடுவது, லிஃப்டை மூன்றாவது மாடியில் நிறுத்தி மின்சாரத்தை எடுத்துவிடுவது, சம்ப் மூடியைச் சாக்கு போட்டு இறுக்குவது, தண்ணீர் படி ஏறத் தொடங்கியதும் பொது மெயினை அணைப்பது. லிஃப்ட் வேண்டும் என்று அப்போது வாட்ச்மேனிடம் சண்டை போடக் கூடாது. கார் வைத்திருப்பவர்கள் மேம்பாலத்துக்குக் கொண்டுபோவார்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலம் முழுக்கக் கார் நின்றதைச் செய்தியில் காட்டினார்கள். நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தை, டயாலிசிஸ் போகிறவர்கள் உள்ள வீடுகள் தங்கள் பெயரைச் செயலாளரிடம் முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும். படகு வந்தால் யாரை முதலில் ஏற்றுவது என்பதை அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

மூன்றாவது தண்ணீர் கூரையிலிருந்து வருவது. மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து கீழ்வீட்டுச் சீலிங்கில் இறங்கும் ஈரத்தைப்போல அடுக்குமாடியில் உறவைக் கெடுப்பது வேறு இல்லை. டீச்சர் இதை ஒரு மருத்துவர் போல, அறிகுறியிலிருந்து தொடங்குகிறார். எந்த நேரமும் ஒரே அளவு ஈரமாக இருந்து, விடுமுறைக்கு மேல்வீட்டார் போனபோதும் காயவில்லை என்றால், அழுத்தத்தில் தண்ணீர் நிற்கும் குழாய் சுவருக்குள் விரிந்திருக்கிறது. காலையில் குளித்து முடித்த பிறகு மட்டும் சொட்டினால், தரையில் தண்ணீர் போகும் நஹானி டிராப்பின் இணைப்போ, டைல்ஸ் இடுக்கோ விட்டிருக்கிறது. மழை பெய்தால் மட்டும் ஈரம் படர்ந்தால் மேல்வீட்டுக்காரர் மேல் குற்றமே இல்லை, வெளிச்சுவரிலோ ஷாஃப்டிலோ விரிசல்.

இரண்டாவது வகையை உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு. டிராப்பின் வாயைத் துணி சுற்றி இறுக அடைத்து, பாத்ரூம் தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விட வேண்டும். கீழே ஈரம் வந்தால் தரையின் வாட்டர்புரூஃபிங் போய்விட்டது. வரவில்லை, ஆனால் அடைப்பை எடுத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டதும் சொட்டுகிறது என்றால் கோளாறு குழாயில். இந்தச் சோதனை செய்யாமல் டைல்ஸை உடைத்தவர்கள் இருபது முப்பதாயிரம் செலவழித்துவிட்டுப் பழையபடி வாளி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

“யார் செலவுன்னு கேப்பீங்க. நம்ம சங்கத்து விதி இதுதான். உங்க தரைக்குள்ள, உங்க சுவருக்குள்ள இருக்கிறது உங்க செலவு, சேதம் கீழ்வீட்டுல ஆனாலும் சரி. ஷாஃப்ட்ல நேரா இறங்குற பெரிய குழாய், வெளிச்சுவர், மொட்டை மாடி இதெல்லாம் சங்கத்துச் செலவு. மூணாவது மாடிக்காரங்க தலைமேல ஒழுகினா அவங்க மட்டும் குடுக்க வேண்டியதில்லை. முதல் மாடிக்காரங்க ‘எனக்கென்ன’ன்னு சொல்லவும் முடியாது, அந்த மாடியில உங்க 667 சதுர அடியும் இருக்கு.”

இங்கிருந்து பேச்சு தானாகப் பணத்துக்கு வருகிறது. வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் என்றால் 36 வீட்டுக்கு 1,08,000. இரண்டு வாட்ச்மேன், அவர்களுக்கு விடுப்பு வந்தால் மாற்று ஆள், இவர்கள் சம்பளமே மூன்றில் ஒரு பங்கு. பெருக்கித் துடைப்பவர், பொது மின்சாரம், லிஃப்ட் ஏ.எம்.சி., ஆண்டு முழுக்கப் பங்கிட்ட லாரிச் செலவு, சில்லறை ரிப்பேர் எல்லாம் போக மாதம் 14,000 மிஞ்சுகிறது. வருடத்துக்கு 1,68,000. வெளிப்பக்கம் முழுக்கச் சாரம் கட்டி, விரிசல் அடைத்து, பெயின்ட் அடிக்கப் பன்னிரண்டு லட்சம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஏழு வருடம் அந்தப் பணத்தை ஒருவரும் தொடாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு மோட்டார் கருகும், லிஃப்ட் கயிறு மாற்ற வேண்டிவரும். அதனால்தான் மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸ் வேறு, கார்ப்பஸ் என்று தனியாக வங்கியில் போட்டு வைக்கும் முதல் வேறு. பழைய கட்டடத்தில் வீடு வாங்குகிறவர்கள் சமையலறை மேடையை மூன்று முறை தடவிப் பார்ப்பார்கள். சங்கத்தின் கார்ப்பஸ் எவ்வளவு, கடைசியாகப் பெயின்ட் அடித்தது எப்போது என்ற இரண்டு கேள்வியைக் கேட்க மாட்டார்கள். கேட்டிருந்தால் வந்த முதல் வருடமே முப்பதாயிரம் கேட்கிறார்களே என்று மனம் நோக வேண்டியிருக்காது.

ஏழு புது வீடுகளில் நான்கு வாடகைக்கு வந்தவர்கள். பல சங்கக் கூட்டங்களில் இவர்களை அழைப்பதே இல்லை. வாக்கு உரிமையாளர்களுக்குத்தான் என்பது சரி. ஆனால் வால்வை மூட வேண்டியவரும், ரெட் அலெர்ட்டில் மாட்டிக்கொள்பவரும் வீட்டில் இருப்பவர்தான், அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் அல்ல. டீச்சர் அவர்களைப் பார்த்து ஒன்று சொல்கிறார்: மாதாந்திர மெயின்டனன்ஸை யார் கட்டுவது என்பது உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் உள்ள ஒப்பந்தம். ஆனால் கார்ப்பஸ், பெயின்ட், லிஃப்ட் மாற்றுவது போன்றவை சொத்தின் செலவு, அதை உங்களிடம் கேட்டால் உரிமையாளரைக் கைகாட்டுங்கள்.

இப்படி ஒரு பேச்சில் வராமல் இருப்பதே நல்லது என்று சிலவும் உண்டு. ‘நாங்கள் வந்தபோது இங்கே ரோடே கிடையாது’ என்று தொடங்கும் பழம்பெருமை ஐந்து நிமிடத்தை விழுங்கிவிடும். கூடாதவற்றின் பட்டியலும் அப்படித்தான். அதில் பல சட்டப்படி நிற்கவும் நிற்காது. நாய் வளர்க்கத் தடை, நாயை லிஃப்டில் ஏற்றத் தடை என்று போர்டு வைத்திருக்கும் சங்கங்கள் இன்னும் இருக்கின்றன. பெரும்பான்மை தீர்மானம் போட்டாலும் சங்கம் அப்படித் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நம் குழுவே மீற முடியாத விதி எது, நாமாகப் பேசி வைத்துக்கொண்ட வழக்கம் எது என்று பிரித்துச் சொல்லாவிட்டால், புதிதாக வந்தவர் ஒன்றைக் கேள்வி கேட்டு ஜெயித்தபின் மற்றதையும் மதிக்க மாட்டார்.

பழையவரின் நினைவிலும் ஓட்டை இருக்கும். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று டீச்சர் சொல்வது 2001இல் இருந்தபடி இருக்கலாம், நடுவில் யாரோ சமையலறையை மாற்றியபோது பிளம்பர் இணைப்பையும் மாற்றியிருப்பார். அதனால் பேச்சோடு விட்டுவிடாமல், வந்தவர்கள் கையில் ஒரு தாள் கொடுக்கிறார்கள். வால்வுகளின் படம், வெள்ள நேர வேலைகளின் வரிசை, பிளம்பர் எண், கடந்த மூன்று வருட வரவு செலவுச் சுருக்கம். நான்கு பக்கம்தான். கீழே தேதி போட்டிருக்கிறது, போன வருடத் தாளைக் கிழித்துவிடச் சொல்லியிருக்கிறது.

பேச்சு முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் கையைத் தூக்குகிறார். “ஆன்ட்டி, எங்க வீட்டுல ரெண்டே பேர். பக்கத்து வீட்டுல ஏழு பேர். எல்லாரும் ஒரே 3,000. லாரிக் காசாவது ஆளுக்கு இவ்வளவுன்னு போடலாமே? இல்லைன்னா ஒவ்வொரு வீட்டுக்கும் மீட்டர் வைக்கலாமே?”

பின்வரிசையில் சலசலப்பு. டீச்சர் சிரிக்கிறார். “நியாயமான கேள்விம்மா. ஆறு வருஷத்துக்கு முன்னாடி கேட்டுப் பாத்தோம். நம்ம வீடுகளுக்குத் தண்ணி ஒரே குழாய்ல வரல, சமையல்கட்டுக்குத் தனி, பாத்ரூமுக்குத் தனின்னு ரெண்டு மூணு வழியா வருது. ஒரு வீட்டுக்கு மூணு மீட்டர் வேணும்னாங்க. செலவைக் கேட்டுட்டுக் கைவிட்டுட்டோம்.”

“இப்ப என்ன விலைன்னு நான் விசாரிச்சுச் சொல்றேன். ‘பி’ பிளாக்ல அந்த ஆறு குழாய்க்கும் தலைக்கு ஒண்ணு வச்சா முதல்ல போதும்ல? எந்த வரிசையில அதிகம் போகுதுன்னாவது தெரியும்.”

மூன்று வீட்டுக்கு ஒரு மீட்டர் என்ற யோசனை ஆறு வருடம் முன்பு யாருக்கும் தோன்றவில்லை. அது வந்தால் நள்ளிரவில் குச்சி விட்டுப் பார்க்கும் வேலையும் மிச்சம்: மீட்டர் முள் இரவு மூன்று மணிக்கு ஓடினால் அந்த வரிசையில் கசிவு. செயலாளர் அதை அடுத்த கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் எழுதிக்கொள்கிறார். விலை விசாரித்து வர வேண்டியவர் என்ற இடத்தில், குடிவந்து பதினைந்து நாளான வீட்டின் எண்.